நான்கு லென்ஸ், நான்கு படம்: ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுதுவது

ஒரே கேமரா உடல், ஒரே முக்காலி, ஒரே புத்தக அலமாரி. லென்ஸ் மட்டும் நான்கு முறை மாற்றப்பட்டது. நான்குமே 50 மி.மீ, f/4, 1/30 நொடி, ஐ.எஸ்.ஓ 200. படங்கள் 6000 x 4000 பிக்சல். அலமாரி கேமராவிலிருந்து 2 மீட்டர் தள்ளி, நேர் எதிரே நிற்கிறது. எடுத்தவர் ஒருவர், கருத்து எழுதுபவர் இன்னொருவர். எந்தப் படம் எந்த லென்ஸ் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறு கருத்து எழுத வேண்டும்: கண்ணால் காட்டக்கூடிய சான்றோடு, அந்தப் படத்தை வைத்து எதைச் சொல்ல முடியவில்லை என்பதையும் சேர்த்து. அந்த வேலை எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்பதன் பதிவு இது.

காட்சியைத் தயாரித்தது

எழுதும்போது சான்று வேண்டுமென்றால், எடுக்கும்போதே அதற்கான பொருள் காட்சியில் இருக்க வேண்டும். வெறும் புத்தக முதுகுகளை நம்பினால் ஒரு மூலையில் தடித்த எழுத்தும் இன்னொரு மூலையில் பூவேலை அட்டையும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட வழியில்லை. அதனால் “பட்டம்” என்ற சொல்லைக் கறுப்பில் அச்சடித்த வெள்ளை அட்டைகள் மூன்று தயாராயின. ஒன்று நடுப்பலகையின் முன்விளிம்பில், மற்ற இரண்டு மேல்பலகையின் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் ஒட்டப்பட்டன. மூன்றும் ஒரே தளத்தில் இருக்கின்றன.

சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு காரணம் உண்டு. “ப”, “ட” இரண்டிலும் நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் இருக்கின்றன. “ட்”, “ம்” இரண்டின் தலையிலும் புள்ளி இருக்கிறது. கோடுகள் எந்தத் திசையில் கலங்குகின்றன என்று காட்டும்; புள்ளி எந்த வடிவத்துக்கு மாறுகிறது என்று காட்டும். சோதனை அட்டவணை கையில் இல்லாதபோது இதைவிடச் சிக்கனமான கருவி கிடைப்பது கடினம்.

நடு அட்டைக்கு 14 செ.மீ முன்னால் ஒரு கம்பளி நூல் பந்து. கீழ்வரிசையில் ஒரு கண்ணாடி பாட்டில், அதன் தோளில் விளக்கின் சிறு ஒளிப்பொட்டு. பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை. கீழ் மூலைகள் இரண்டிலும் புத்தகங்கள்தான்; அவற்றின் முதுகுகள் பலகை விளிம்பிலிருந்து 3 செ.மீ வரை உள்ளே தள்ளி இருந்தன. இந்த 3 செ.மீ பின்னால் தொல்லை கொடுத்தது.

பெயரை மறைத்தது

1, 2, 3, 4 என்று பெயரிட்டால் படிப்பவர் தரவரிசை என்று எடுத்துக்கொள்வார். A, B, C வைத்தாலும் அதே கதை. எனவே கல், மணல், இலை, மழை என்று பெயர். எது எந்த லென்ஸ் என்ற பட்டியல் எடுத்தவரிடம். கோப்புக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களை அவர் முதலில் படித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார்:

```
exiftool -FileName -ImageSize -FNumber -ExposureTime -ISO -Software *.jpg
```

பிறகு படங்களின் நகல்களிலிருந்து அவற்றை நீக்கினார்:

```
exiftool -all= --icc_profile:all kal.jpg
```

இரண்டாவது பகுதியான `--icc_profile:all` என்பதை விட்டுவிட்டால் நிற ப்ரொஃபைலும் சேர்ந்து போய்விடும். அகன்ற நிறவெளியில் சேமித்த படம் அதற்குப் பிறகு வெளிறித் தெரியும். கருத்து எழுதுபவர் “நிறம் செத்துக் கிடக்கிறது” என்று லென்ஸைத் திட்டுவார். இன்னொன்று, இந்தக் கட்டளை பழைய கோப்பை `kal.jpg_original` என்று அதே கோப்புறையில் விட்டுவைக்கும். அதை நகர்த்தாமல் கோப்புறையை அனுப்பினால் மறைத்தும் பயனில்லை.

பார்த்த முறை

படத்துக்கு ஐந்து சதுரங்கள், ஒவ்வொன்றும் 600 x 600 பிக்சல்: நடு, நான்கு மூலைகள். நடுச் சதுரத்துக்கு இப்படி:

```
magick kal.jpg -crop 600x600+2700+1700 +repage kal-nadu.png
```

மூலைகளுக்கு `+0+0`, `+5400+0`, `+0+3400`, `+5400+3400`. ஜேபெக்காகத் திரும்பச் சேமித்தால் இரண்டாம் முறை அமுக்கம் விழும், அதனால் பி.என்.ஜி.

உலாவியில் 100% என்று காட்டுவதை நம்பக் கூடாது. திரையின் அளவீடு இயக்கமுறையில் 150% என்று வைத்திருந்தால், உலாவியின் 100% என்பது உண்மையில் ஒவ்வொரு பிக்சலையும் ஒன்றரை மடங்காக இழுத்துக் காட்டுவது. எல்லாப் படமும் சற்று மங்கலாகத் தெரியும். ஒரு பட பிக்சலுக்கு ஒரு திரை பிக்சல் என்று காட்டும் படம்பார்க்கும் மென்பொருளில் திறந்து, ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் பார்ப்பதே சரியாக வந்தது. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும்போது கண் நகர்கிற நேரத்தில் நுண்விவரம் மறந்துபோகிறது.

வரிசையும் முக்கியம். முதலில் பார்த்த படம் தன்னையறியாமல் அளவுகோலாகிவிடும். ஒரு முறை கல்லிலிருந்து மழை வரை, மறுமுறை மழையிலிருந்து கல் வரை. இரண்டு சுற்றிலும் ஒரே குறிப்பு வந்தால் மட்டும் அது கருத்துக்குள் போகும்.

எழுதும் வடிவம் எளிது. எங்கே பார்த்தோம், அங்கே என்ன தெரிகிறது, அதற்கு என்ன காரணம் இருக்கலாம், எதைச் சொல்ல முடியாது. இதில் கடைசி வரியை முதலில் எழுதும் பழக்கம் நல்லது. கூர்மை நன்று, மூலை மோசம் என்று முதலிலேயே எழுதி முடித்துவிட்டால், பிறகு கடைசி வரி சம்பிரதாயத்துக்கு ஒட்டவைத்த வால் மாதிரி ஆகிவிடும். இந்தப் படத்தில் எது கலங்கிக் கிடக்கிறது, எதைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை என்று முதலில் தேடினால், மேலே எழுதும் வரிகள் தாமாகவே அடக்கமாக வரும்.

கல்

நடு அட்டை தெளிவு. “ட்”டின் புள்ளி 6 பிக்சல் அகலம், 6 பிக்சல் உயரம், விளிம்பு சுத்தம். வலது மேல் அட்டையிலும் ஏறக்குறைய அதே. இடது மேல் அட்டையில் மட்டும் எழுத்துகள் பஞ்சு ஒட்டியது போல இருந்தன. புள்ளி 9 பிக்சலுக்கு விரிந்து சாம்பலாகிவிட்டது.

முதல் வரைவில் எழுதப்பட்டது: “இந்த லென்ஸ் சமநிலை தவறியது, இடது பக்கம் மோசம்.” இது தீர்ப்பு; சான்றிலிருந்து தீர்ப்புக்கு நடுவே பல படிகள் தாண்டப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் மங்க மூன்று காரணங்களாவது உண்டு: லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மையம் தவறி அல்லது சாய்ந்து இருப்பது, கேமரா அலமாரிக்கு இணையாக இல்லாமல் திரும்பி இருப்பது, அந்த இடத்துப் பொருளே வேறு தூரத்தில் இருப்பது.

மூன்றாவதை அட்டை நீக்கிவிடுகிறது. இடமும் வலமும் ஒரே பலகையில் ஒட்டியவை. இரண்டாவதைப் படத்திலிருந்தே அளக்கலாம். அலமாரியின் இடது தூண் 3180 பிக்சல் உயரம், வலது தூண் 3169. வித்தியாசம் 0.35 சதவீதம். 2 மீட்டர் தூரத்தில் 0.35 சதவீதம் என்றால் இரண்டு தூண்களுக்கும் இடையே சுமார் 7 மி.மீ தூர வித்தியாசம். 50 மி.மீ லென்ஸ், f/4, 2 மீட்டர் என்றால், முழு அளவில் ஒரு பிக்சல் அளவுக்கு மேல் கலங்காத ஆழம் முன்னும் பின்னும் தலா 3.7 செ.மீ கிடைக்கிறது. 7 மி.மீ அதற்குள் நன்றாக அடங்கும். ஆகவே கேமரா திரும்பியதால் இந்த மங்கல் வரவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. வழக்கமான புலஆழ அட்டவணைகள் 0.03 மி.மீ கலங்கல் வட்டத்தை, அதாவது ஒரு புள்ளி அவ்வளவு விரிந்தாலும் தெளிவு என்பதை, வைத்துக் கணக்கிடுகின்றன. அது சிறிய அச்சுப் பிரதியைக் கைத்தொலைவில் பார்ப்பதற்கானது. அதன்படி இந்தக் காட்சியில் ஏறக்குறைய 38 செ.மீ ஆழம் வரும். பிக்சலுக்குப் பிக்சல் பார்க்கிறவருக்கு அந்த எண் உதவாது. 36 மி.மீ அகல சென்சாரில் 6000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.006 மி.மீ, ஆழமும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். கீழ் மூலைப் புத்தகங்கள் 3 செ.மீ உள்ளே இருக்கின்றன என்பது இங்கேதான் இடிக்கிறது. அது எல்லையை ஒட்டிய தூரம். லென்ஸின் புல வளைவு, அதாவது ஃபோகஸ் விழும் தளம் தட்டையாக இல்லாமல் வளைவது, கொஞ்சம் சேர்ந்தாலும் எல்லை தாண்டிவிடும். கீழ் மூலைகளின் மங்கலை லென்ஸ் கணக்கில் எழுத முடியாது. எழுதாமல் விட்டதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு துணைச்சான்றும் கிடைத்தது. முக்காலி நகரவில்லை, இலை படத்தில் தூண்களின் உயரம் கிட்டத்தட்ட இதே, ஆனால் அதில் இடது மேல் அட்டையும் வலதும் ஒரே மாதிரி இருக்கின்றன. கல்லின் குறை காட்சியிலிருந்து வரவில்லை என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஒப்பீட்டில் ஒரு படம் இன்னொரு படத்துக்குச் சாட்சி சொல்லும் இடம் இது. கருத்தில் அந்தச் சாட்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

முடிவான கருத்து:

> கல்: நடு அட்டையும் வலது மேல் அட்டையும் தெளிவு, “ட்”டின் புள்ளி இரண்டிலும் உருண்டை, சுமார் 6 பிக்சல். இடது மேல் அட்டையில் அதே புள்ளி 9 பிக்சலாக விரிந்து வெளிறியிருக்கிறது. தூண்களின் உயரம் 3180, 3169. கேமரா சாய்வு இதற்குப் போதாது. இலை படத்தில் அதே இடம் தெளிவாக இருப்பதால் காட்சியும் காரணமல்ல. லென்ஸுக்குள் மையம் தவறியிருக்கலாம். சொல்ல முடியாதது: இது இந்த ஒரு பிரதியின் குறையா, இந்த மாடலுக்கே உரியதா என்பது. கீழ் மூலைகளின் கூர்மை. புத்தகங்கள் வேறு தளத்தில் உள்ளன. கேமராவைத் தலைகீழாக மாட்டி ஒரு படம் எடுத்தால் குறை லென்ஸிலா காட்சியிலா என்ற ஐயம் தீரும்: படத்தின் சட்டத்தில் குறை அதே மூலையில் நின்றால் லென்ஸ் பக்கம், அலமாரியின் அதே கோடியோடு போனால் காட்சி பக்கம்.

“மையம் தவறியிருக்கலாம்” என்பதில் உள்ள “லாம்” தயக்கம் அல்ல. மூன்றில் இரண்டு காரணங்களை நீக்கியாயிற்று, மூன்றாவதை நேரடியாக நிரூபிக்கவில்லை. அந்த அளவைத்தான் அது சொல்கிறது. “தெரிகிறது”, “இருக்கலாம்”, “சொல்ல முடியாது” என்ற மூன்று முடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, நான்கு படங்களுக்கும் ஒரே பொருளில் பயன்படுத்தினால் படிப்பவருக்குக் குழப்பம் வராது. ஓரிடத்தில் “ஓரளவு”, இன்னோரிடத்தில் “கிட்டத்தட்ட நிச்சயம்” என்று புதுப்புதுச் சொல் சேர்க்கச் சேர்க்க அளவுகோல் நெகிழ்ந்துபோகும்.

மணல்

பார்த்தவுடன் மங்கல். நான்கில் கடைசி இடம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் “ப”வை நெருங்கிப் பார்த்தால் கதை வேறு. இரண்டு நிமிர்ந்த கோடுகளும் தடித்து, ஓரம் இரட்டையாகத் தெரிகின்றன. அடியிலுள்ள படுத்த கோடு மெல்லியதாக, சுத்தமாக இருக்கிறது. புள்ளி 6 பிக்சல் உயரம், 11 பிக்சல் அகலம்: படுத்த முட்டை. பாட்டில் தோளிலுள்ள ஒளிப்பொட்டும் பக்கவாட்டில் ஒரு சிறு கோடாக இழுபட்டிருக்கிறது.

ஃபோகஸ் தவறியிருந்தால் புள்ளி எல்லாப் பக்கமும் விரிந்து வட்டமாகவே இருக்கும். லென்ஸின் பிழை என்றால், பெரும்பாலும் இழுப்பின் திசை படத்தின் மையத்தைப் பொறுத்து மாறும்: இடது மூலையில் ஒரு சாய்வு, வலது மூலையில் அதற்கு எதிர்ச்சாய்வு, நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மணலில் நடு, இடது மேல், வலது மேல் மூன்று அட்டைகளிலும் ஒரே திசை, ஒரே அளவு. இது ஆட்டம். 1/30 நொடிக்குள் கேமரா பக்கவாட்டில் ஐந்து பிக்சல் நகர்ந்திருக்கிறது. ஷட்டரை விரலால் அழுத்தியதாலா, முக்காலித் தலை இறுகாததாலா என்பது படத்தில் இல்லை. அதை ஊகித்து எழுதத் தேவையும் இல்லை.

இங்கே நியாயம் என்பது இரண்டு பக்கமும் வெட்டும். ஆட்டம் இருப்பதால் கூர்மையில் மதிப்பெண் கொடுக்கக் கூடாது. அதற்காகப் படத்தையே தள்ளிவிடவும் கூடாது. ஆட்டத்தால் கெடாத விஷயங்கள் இருக்கின்றன. மேல்பலகையின் விளிம்பு இந்தப் படத்தில் நடுவே மேல்நோக்கிப் புடைத்திருக்கிறது. இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தால் நடுவில் 44 பிக்சல் இடைவெளி. 4000 பிக்சல் உயரத்துக்கு 1.1 சதவீதம், பீப்பாய் வளைவு. பலகையே வளைந்திருக்கலாமே என்ற கேள்விக்குக் கல் பதில் சொல்கிறது: அதே பலகை அதில் 6 பிக்சல்தான் வளைகிறது.

> மணல்: மூன்று அட்டைகளிலும் நிமிர்ந்த கோடுகள் தடித்தும் படுத்த கோடுகள் மெலிந்தும் உள்ளன, புள்ளி 11 x 6 பிக்சல். திசையும் அளவும் மூன்றிலும் ஒன்றே. எடுக்கும்போது பக்கவாட்டு ஆட்டம். மேல்பலகை நடுவில் 44 பிக்சல் புடைப்பு, கல்லில் 6. பீப்பாய் வளைவு தெரிகிறது. சொல்ல முடியாதது: கூர்மை, மூலைத் தெளிவு எதுவும். வளைவு லென்ஸுடையதுதான் என்றாலும், மற்றப் படங்களில் மென்பொருள் திருத்தம் நடந்து இதில் நடக்கவில்லையா என்பது படத்திலிருந்து தெரியாது.

கடைசி வாக்கியம் முதல் வரைவில் இல்லை. நவீன லென்ஸ்கள் பலவற்றில் வளைவைக் கேமராவோ, சென்சாரின் மூலத்தரவைப் படமாக்கும் மென்பொருளான ரா மாற்றியோ சத்தமில்லாமல் நேராக்கிவிடுகிறது. கல்லின் 6 பிக்சல் லென்ஸின் திறமையா, திருத்தத்தின் கைவேலையா என்று தெரியாதபோது, “மணலைவிடக் கல் நேர்க்கோட்டில் சிறந்தது” என்று எழுதினால் படத்தைப் பற்றி அது சரி, லென்ஸைப் பற்றி அது ஊகம்.

இலை

இரண்டு சுற்றிலும் கண் முதலில் போனது இதற்குத்தான். அதனாலேயே இதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருந்தது. சாம்பல் அட்டையில் கல்லின் மதிப்பு 118, இலையின் மதிப்பு 131. எஸ்.ஆர்.ஜி.பி வளைவைப் பிரித்துக் கணக்கிட்டால் அது மூன்றில் ஒரு ஸ்டாப், அதாவது சுமார் கால் பங்கு, கூடுதல் வெளிச்சம். இந்தச் சிறு வித்தியாசத்தைக் கண் “வெளிச்சம் அதிகம்” என்று படிப்பதில்லை; “தெளிவு அதிகம்” என்று படிக்கிறது. ஒப்பிடும் முன் எல்லாப் படத்தையும் சாம்பல் அட்டையில் ஒரே மதிப்புக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை பார்த்ததும் இலையின் மேன்மையில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி எழுத்தின் ஓரத்தில் இருந்தது. கறுப்புக் கோட்டை ஒட்டி இரண்டு பிக்சல் அகலத்தில், தாளின் வெள்ளையைவிட வெளுத்த ஒரு கரை. லென்ஸ் இப்படிக் கரை கட்டாது. மென்பொருள் கூர்மையாக்கியதன் அடையாளம் இது.

> இலை: மூன்று அட்டைகளும் ஒரே தரத்தில், இடவல வேறுபாடு தெரியவில்லை. சாம்பல் அட்டை 131. கல்லைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சம். எழுத்துகளின் ஓரத்தில் 2 பிக்சல் வெள்ளைக் கரை. கூர்மையாக்கல் மற்றப் படங்களைவிடக் கூடுதலாக இருக்கலாம். சொல்ல முடியாதது: கூர்மையில் இது கல்லின் நடுப்பகுதியைவிட மேலா கீழா என்பது. வெளிச்ச வேறுபாடு லென்ஸ் கடத்தும் ஒளியாலா, விளக்காலா, படமாக்கலாலா என்பது.

இடவல ஒப்பீடு ஒரே படத்துக்குள் நடப்பது. கூர்மையாக்கல் இரு பக்கமும் சமமாக விழுவதால் அந்த வரி நிற்கும். படத்துக்குப் படம் ஒப்பிடும் வரிதான் நிற்காது.

மழை

நடு அட்டையில் புள்ளி 10 x 10 பிக்சல், வெளிறிய வட்டம், ஓரத்தில் லேசான பச்சை. எழுத்து எல்லாத் திசையிலும் ஒரே அளவு கலங்கியிருக்கிறது. ஆட்டம் இல்லை. அட்டைக்கு 14 செ.மீ முன்னாலுள்ள கம்பளிப் பந்தில் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கின்றன. ஃபோகஸ் பந்தில் உட்கார்ந்துவிட்டது. ஓரத்துப் பச்சையும் அதோடு பொருந்துகிறது: ஃபோகஸுக்குப் பின்னாலுள்ள விளிம்பில் பச்சையும் முன்னாலுள்ளதில் ஊதாவும் படிவது இந்தவகை நிறப்பிழையின் வழக்கம்.

பந்து இல்லாமல் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் “மென்மையான லென்ஸ்” என்று எழுதியிருப்போம். காட்சியில் முன்னும் பின்னும் ஏதாவது நுண்மையான பொருள் வைப்பதன் பயன் இதுதான். தட்டையான சுவரை மட்டும் எடுத்தால் ஃபோகஸ் தவறியதையும் லென்ஸ் மங்கலையும் பிரிக்கவே முடியாது.

மேல் அட்டைகளில் இன்னொன்று. வலது அட்டையின் நிமிர்ந்த கோடுகளில் இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் நீலப்பச்சை. இடது அட்டையில் அது தலைகீழ். நடுவில் இந்தச் சிவப்பு இல்லை. மையத்திலிருந்து வெளிநோக்கிப் போகப் போக நிறங்கள் விலகுவது பக்கவாட்டு நிறப்பிழை. ஃபோகஸ் தவறினாலும் இந்த இடவல எதிர்மை மாறாது, ஆகவே எழுதலாம். ஆனால் கலங்கல் சேர்ந்திருப்பதால் எத்தனை பிக்சல் அகலம் என்று அளக்க முடியாது.

> மழை: ஃபோகஸ் நூல் பந்தில், அதில் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. நடு அட்டையில் புள்ளி 10 x 10, ஓரத்தில் பச்சை. மேல் அட்டைகளில் சிவப்பு, நீலப்பச்சை ஓரங்கள், இடமும் வலமும் எதிரெதிராக. பக்கவாட்டு நிறப்பிழை தெரிகிறது. சொல்ல முடியாதது: அட்டைத் தளத்தில் கூர்மை, இடவல சமநிலை, நிறப்பிழையின் அளவு. பந்தின் தெளிவை மற்றப் படங்களோடு ஒப்பிட முடியாது; மற்றவற்றில் ஃபோகஸ் அங்கே இல்லை.

பட்டியலைத் திறந்த பிறகு

விதி ஒன்றே: திறந்த பிறகு எழுதியதைத் திருத்தக் கூடாது, கீழே புது வரி மட்டும் சேர்க்கலாம். இதை மீறினால் பிடித்த பிராண்டின் குறை “இருக்கலாம்” ஆகவும், பிடிக்காததன் குறை “தெரிகிறது” ஆகவும் நைசாக இடம் மாறும்.

சேர்ந்த வரிகள் இரண்டு. இலையின் `Software` புலத்தில் கேமராவின் பெயர் இருந்தது. மற்ற மூன்றிலும் ரா மாற்றியின் பெயர். இலை மட்டும் கேமராவே செய்த ஜேபெக், எடுத்தவர் கோப்பு மாறி அனுப்பியிருக்கிறார். வெள்ளைக் கரைக்கு விளக்கம் கிடைத்தது. வெளிச்ச வேறுபாட்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டாவது, ரா மாற்றியில் லென்ஸ் திருத்தம் “தானாக” என்று விடப்பட்டிருந்தது. கல்லின் லென்ஸுக்கு அதில் திருத்த ப்ரொஃபைல் இருந்தது, மணலின் லென்ஸுக்கு இல்லை. 6-க்கும் 44-க்கும் இடையிலான ஒப்பீடு அப்படியே விழுந்தது. மணலின் கருத்தில் அந்தக் கடைசி வாக்கியம் இருந்ததால் எதையும் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை.

“சொல்ல முடியாதது” வரிகளை மட்டும் உருவி எடுத்தால் அடுத்த நாள் வேலைப் பட்டியல் தயார். மணல்: இரண்டு நொடி டைமர் வைத்து, முக்காலித் தலையை இறுக்கி மறுபடி. மழை: நடு அட்டையை நேரலைக் காட்சியில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து மூன்று படம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸை முழுக்கக் கலைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும். இலை: எடுத்தவரிடமுள்ள ரா கோப்பிலிருந்து, மற்ற மூன்றுக்கும் வைத்த அதே அமைப்பில், திருத்தத்தை எல்லாவற்றுக்கும் அணைத்துவிட்டு மறுபடி மாற்றம். கல்: கேமரா தலைகீழாக ஒரு படம். கீழ்ப்பலகையின் இரு கோடிகளுக்கும் இன்னும் இரண்டு “பட்டம்” அட்டை.